மலிவு விண்டோஸ் கீ ஏன் இடையில செத்துப்போகுது?

கேள்வி: அண்ணை, ஃபேஸ்புக்கில ஒருத்தர் விண்டோஸ் 11 ப்ரோ கீ 2500 ரூபாக்கு குடுக்கிறார், ஒரிஜினல், லைஃப்டைம் எண்டுறார். மைக்ரோசொஃப்ட் சைட்டில 199 டொலர் போட்டிருக்கு. கனபேர் வாங்கி ஓடுது எண்டு சொல்லினம், ஆனா மச்சான்ர லப்டொப்பில ஒரு வருசம் கழிச்சு போட்டுது. வாங்கலாமோ? (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, கீ எண்டுறது வெறும் இலக்கம்தான். அந்த விலைக்கு வாற கீ எங்க இருந்து வருது எண்டதுதான் விசயம். கனக்க நேரம் அது ஒரு கொம்பனிக்கோ கம்பஸுக்கோ குடுத்த மேக் (MAK) வகைக் கீ. ஒரே கீயை இத்தனை மெசினில எக்டிவேட் பண்ணலாம் எண்டு மைக்ரோசொஃப்ட் கணக்கு வைச்சிருக்கும். அந்த இடத்தில வேலை செய்யிற ஒருத்தர் அதை வெளிய விட்டா ஒரே இலக்கம் நூறு பேருக்கு விலைப்படும். ஒருநாள் அந்த கொம்பனி புது கொம்ப்யூட்டர் போடேக்க கணக்கு முடிஞ்சு போச்செண்டு தெரியவரும், அவை முறைப்பாடு குடுப்பினம், மைக்ரோசொஃப்ட் கீயை புளொக் பண்ணும். உங்களிட்ட வித்தவருக்கு அதில ஒரு நட்டமும் இல்லை, காசு எப்பவோ கைக்கு வந்திட்டுது.

மச்சான்ர லப்டொப்பில என்ன நடந்ததெண்டு பாக்க விண்டோஸ் பட்டனோட R அமத்தி இதை அடிக்கச் சொல்லுங்கோ:

```
slmgr /dli
```

கொஞ்சம் பொறுத்து ஒரு சின்னப் பெட்டி வரும். அதில Description எண்ட வரியின்ர கடைசியில VOLUME_MAK channel எண்டு இருந்தா நான் மேல சொன்ன கதைதான். VOLUME_KMSCLIENT எண்டு இருந்தா அது வேற, வித்தவர் தன்ர சேர்வர் ஒண்டில கொழுவி விட்டிருக்கிறார், அது 180 நாளைக்குத்தான், அதுக்குள்ள மெசின் திரும்ப அந்த சேர்வரோட கதைச்சு புதுப்பிக்க வேணும், அவர் சேர்வரை நிப்பாட்டினா அவ்வளவுதான். OEM_DM எண்டா கீ லப்டொப்பின்ர பயோஸிலயே இருக்கு, பயமில்லை. RETAIL எண்டா பரவாயில்லை, ஆனா அதை மட்டும் வைச்சு நம்பவும் ஏலாது, களவெடுத்த கார்டில வாங்கின கீயும் டெவலப்பர் சந்தாவில எடுத்து விக்கிற கீயும் அப்பிடித்தான் காட்டும்.

விக்கிறவை slmgr /xpr அடிச்சு permanently activated எண்டு வாற ஸ்கிரீன்ஷொட்டை ஆதாரமா அனுப்புவினம். மேக் கீக்கும் அதே வசனம்தான் வரும். திகதிக்கெடு இல்லை எண்டதுதான் அதின்ர கருத்து, புளொக் பண்ண மாட்டினம் எண்டது இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஃபோட்டோகொப்பி கடைக்காரர் இப்பிடி ஒரு கீ போட்டு நல்லா ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை மாத்தி எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை புதுசா ஏத்தினவுடன 0xC004C020 எண்டு வந்து நிண்டுது. அது மேக் கீயின்ர எண்ணிக்கை முடிஞ்சுது எண்ட எரர். 0xC004C003 எண்டு வந்தா கீயையே புளொக் பண்ணிட்டினம். அவர் வித்தவரைக் கேக்க, போன் எக்டிவேஷன் திரையில வாற நீளமான இலக்கத்தை படமெடுத்து வாட்ஸப்பில அனுப்பச் சொன்னவராம். முதல்தரமே ஒருத்தர் அப்பிடிக் கேட்டா, ஒன்லைனில எண்ணிக்கை முடிஞ்ச கீயைத்தான் விக்கிறார் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இனி ரிஸ்க்கை எப்பிடி எடை போடுறது? கீ போனா உங்கட ஃபைல் ஒண்டும் அழியாது, மூலையில Activate Windows எண்டு நிக்கும், வோல்பேப்பர் மாதிரி அமைப்புகளை செட்டிங்ஸில மாத்த ஏலாது, மற்றும்படி ஓடும். வீட்டு லப்டொப்புக்கு நட்டம் அந்த 2500தான். ஆனா ஒஃபிஸ் மெசின் எண்டா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், எக்டிவேட் ஆனாலும் லைசென்ஸ் உங்கட பேரில இல்லை, கணக்குப் பாக்க வந்தா காட்டுறதுக்கு ஒரு பில்லும் இராது. வாரண்டியையும் கேளுங்கோ. எக்டிவேட் ஆகும்வரைக்கும் அல்லது ஒரு மாசம் எண்டுவினம், இந்தக் கீயள் அதுக்குப் பிறகுதான் கனக்க சாகுது. பாங்க் டிரான்ஸ்ஃபரில காசு போட்டா திருப்பி எடுக்கிறது வலு கஷ்டம். டிஃபெண்டரை நிப்பாட்டிப்போட்டு இந்த ஃபைலை ஓட விடுங்கோ எண்டு சொன்னா கதையை அதோட விடுங்கோ, அதில போறது உங்கட பாஸ்வேர்டும் பாங்க் கணக்கும்.

வாங்க முன்னம் இதையும் பவர்ஷெல்லில அடிச்சுப் பாருங்கோ:

```
(Get-CimInstance SoftwareLicensingService).OA3xOriginalProductKey
```

25 எழுத்துக் கீ ஒண்டு வந்தா அது லப்டொப்போட வந்த லைசென்ஸ். இஞ்ச விக்கிற செகண்ட் ஹாண்ட் ஒஃபிஸ் லப்டொப் கனக்கவற்றில ப்ரோ கீ அப்பிடியே கிடக்கும், ஃபோர்மட் பண்ணின கடை வேற எடிஷனை ஏத்தினதாலதான் எக்டிவேட் ஆகாம நிக்கும். பயோஸில ஹோம் இருந்தா ஹோமையே ஏத்துங்கோ, இன்டர்நெட் குடுத்தவுடன தானா எக்டிவேட் ஆகும். பிட்லொக்கர், ரிமோட் டெஸ்க்டொப் ஹோஸ்ட் மாதிரி ஏதும் உங்களுக்கு வேணுமெண்டா மட்டும்தான் ப்ரோவைப் பற்றி யோசிக்க வேணும்.