வேர்க்காத பானை குளிராது: மண்பானைக்கு ஒரு குட்டிக்கதை விளம்பரம்

கேள்வி: எங்கள் கிராமத்துக் குயவர் கோடைக்கு முன்னால் செய்யும் தண்ணீர்ப் பானைகளை விற்றுத் தர, ஒரு சின்னக் கதை வடிவத்தில் விளம்பரம் எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் ‘அழிந்து வரும் கலை, பாவம் அந்தப் பெரியவர்’ என்றே போய் முடிகிறது. படித்தவர்கள் பாராட்டுகிறார்கள், பானை கேட்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் கதையின் நாயகன் குயவராகிவிட்டார். பானை ஓரத்தில் நிற்கிறது. படிப்பவருக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது, ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ‘இது என் வீட்டில் என்ன செய்யும்?’ என்ற கேள்விக்கு அந்தக் கதையில் பதிலே இல்லை.

150 சொல்லுக்குள் அடங்கும் கதையில் வாழ்க்கை வரலாறு சொல்ல முடியாது. ஒரு இடம், இரண்டு பேர், ஒரு சின்ன மறுப்பு போதும். குயவர் எதையாவது செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் ஏன் மறுக்கிறார் என்பதுதான் பானையை வாங்குவதற்கான காரணமாகவும் இருக்க வேண்டும். அந்த மறுப்பைத் தேட, பட்டறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்.

தண்ணீர்ப் பானையில் அது கண்ணெதிரே இருக்கிறது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் நீர் அவற்றின் வழியாக வெளிப்பக்கம் ஊறி வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கை மீதித் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால், அந்த வெப்பம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே போயிருந்தால், சூடு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். சுற்றியுள்ள காற்றும் சூடு கொடுத்துக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆக, பானை குளிர வேண்டுமானால் அதற்கு வேர்க்க வேண்டும். பளபளப்புக்காக வெளியே வார்னிஷோ பெயின்ட்டோ அடித்தால் துளை அடைபட்டுவிடும். பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வார்னிஷ் அடிக்கச் சொன்னால் நல்ல குயவர் மறுப்பார். உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

‘கோடைக்கு முன்’ என்பதற்கும் வேலையிலேயே காரணம் உண்டு. சக்கரத்தில் வனைந்து அறுத்து எடுக்கும் பானைக்கு அடிப்பகுதி அப்போதே சரியாக அமைவதில்லை. பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறும் அடியும் உருண்டு வரும். அதற்குப் பிறகும் நிழலில் மெதுவாகக் காய வேண்டும். அனல் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் வாய் முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே நிற்கும், நடுவில் விரிசல் விடும். ‘முந்துங்கள், சில நாட்கள் மட்டுமே’ என்று நீங்கள் கத்த வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் கதைக்குள் வந்தாலே அவசரம் தானாகப் புரியும்.

இதை வைத்து எழுதிப் பார்த்தது:

“நிழலில் பானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் ஒன்றைத் தூக்கப் போனார்.

‘தொடாதீங்க தம்பி. இன்னும் அடி தட்டலை.’

‘வெயில்ல வச்சா சீக்கிரம் காயுமே அண்ணே?’

‘வாய் காயும், அடி காயாது. விரிஞ்சிடும். அதான் அனல் காத்து வர்றதுக்கு முன்னாலயே உட்கார்ந்துட்டோம்.’

கடைக்காரர் சுட்டு வைத்திருந்த ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘நிறம் கொஞ்சம் மங்கல். மேல ஒரு வார்னிஷ் அடிச்சுக் கொடுங்களேன், சட்டுனு வித்துடும்.’

குயவர் பதில் சொல்லவில்லை. மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையின் வயிற்றைக் காட்டி, ‘கையை வைங்க’ என்றார்.

ஈரம். சில்லென்றிருந்தது.

‘வேர்க்குதா? வார்னிஷ் அடிச்சா வேர்க்காது. வேர்க்கலைன்னா குளிராது.’

‘சரிண்ணே, இப்படியே இருபது எடுத்து வைங்க.’

மேற்பூச்சு இல்லாத தண்ணீர்ப் பானைகள். இப்போது நிழலில் காய்கின்றன.”

இதில் பாரம்பரியம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை, அவர் கையின் சுருக்கமும் இல்லை. இருந்தாலும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது. வாங்க வந்தவரின் ஆசை நியாயமானது என்பதைக் கவனியுங்கள். அவரை முட்டாளாக்கினால் படிப்பவருக்கு உறுத்தும், ஏனென்றால் பளபளப்பைப் பார்த்து வாங்குவது அவரும் செய்வதுதான். வசனங்களை உங்கள் குயவர் பேசும் விதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பெயரையோ படத்தையோ போடுவதானால் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். மண் வேலையில் ஏதாவது பிசகாக எழுதியிருந்தால் அவரே திருத்திவிடுவார் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம், மிகைப்படுத்தல். ‘ஃப்ரிட்ஜ் போல ஜில்லென்று’ என்று எழுதவே எழுதாதீர்கள். பானை எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதம் தீர்மானிக்கிறது. 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால், ஆவியாதலால் அதிகபட்சம் சுமார் 24 டிகிரி வரை இறங்க இடமுண்டு. பானை அந்த எல்லையைத் தொடுவதில்லை, சற்று மேலேயே நின்றுவிடும். 34 டிகிரியும் 70 சதவீதமும் உள்ள புழுக்கத்தில் அந்த எல்லையே சுமார் 29 டிகிரி. இத்தனை டிகிரி குளிரும் என்று போட்டு விற்றால் புழுக்கமான ஊரில் வாங்கியவர் உங்களைப் பொய்யர் என்பார். நோய் தீர்க்கும் என்ற பேச்சும் வேண்டாம்.

கதையில் வேர்வையைப் பெருமையாகச் சொல்லிவிட்டதால் ஒரு புகார் கட்டாயம் வரும்: ‘பானை ஒழுகுகிறது’. கதைக்குக் கீழே சிறிய எழுத்தில் இதற்கு விளக்கம் வையுங்கள். மேனி முழுவதும் ஒரே சீராக ஈரமாக இருந்தால் அது வேர்வை. ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் விரிசல், மாற்றித் தருகிறோம் என்று எழுதுங்கள். புதுப் பானையை ஓர் இரவு நீர் நிரப்பி வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு துளைக்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வெளியே வெள்ளையாகப் படிந்து நாளடைவில் வேர்வை குறையும், ஆகவே ‘ஆயுள் முழுக்கக் குளிரும்’ என்றும் எழுத முடியாது.

வாங்குபவர் கையில் கொடுக்கும் முன் சுட்டு எடுத்த பானைகளைச் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. மந்தமான சத்தம் வந்தால் விரிசலோ சரியாக வேகாத மண்ணோ இருக்கும், அதை ஒதுக்குங்கள். கடைசி வரியில் ‘இப்போது நிழலில் காய்கின்றன’ என்று இருப்பதால் முதல் சுற்றுப் பானைகள் சூளைக்குப் போவதற்கு முன்பே விளம்பரம் வெளிவர வேண்டும். சுட்டு முடித்த பிறகுதான் வெளியிட முடியும் என்றால், ‘சூளையிலிருந்து இறங்கிவிட்டன’ என்று மாற்றிவிடுங்கள். எந்த வரி போட்டாலும், பானை கைக்கு வரும் நாளைக் குயவரைக் கேட்டு எழுதுங்கள். மேகமூட்டமாக இருந்தால் காய்வதற்கு அதிக நாள் பிடிக்கும்.