ஸ்டிக்கர் உரிந்த கார்ட்ரிட்ஜை வடிவத்தால் அடையாளம் காணலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் படிக்கும் மகள் தன் பிரிண்டரின் பழைய மை கார்ட்ரிட்ஜைத் தந்து, இதே போல் வாங்கி அனுப்பச் சொன்னாள். மேலே இருந்த ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. பின்புறம் செம்பு நிறப் புள்ளிகள் இருக்கின்றன. மன்னார்குடி கடைக்காரர் இதன் எண் 680 என்கிறார். வடிவத்தைப் பார்த்தே உறுதி செய்ய முடியுமா?

பதில்: வடிவமும் புள்ளிகளும் கார்ட்ரிட்ஜ் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும், எண்ணைச் சொல்லா.

முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள். மெல்லிய உலோகத் தகடும், அதில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நுண்துளைகளும் இருந்து, அங்கிருந்து செம்பு நிறப் பட்டை ஒன்று பின்புறமாக ஏறினால், மை தெளிக்கும் தலையும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் துளைகளை இயக்கும் மின்சாரம் போகிறது. மாறாக, மை வெளியேற ஒரே ஒரு வாயும், பக்கத்தில் பொன்னிறத் தொடுபுள்ளிகள் கொண்ட சிறிய சிப் தகடும் மட்டும் இருந்தால், அது வெறும் மைத்தொட்டி. தலை பிரிண்டரில் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அடித்தகட்டில் ஈரமான மெல்லிய காகிதத்தை மெதுவாக ஒற்றினால், கறுப்பு மட்டும் பதிகிறதா, மூன்று நிறக் கோடுகள் பதிகின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எச்பி நிறுவனத்தின் 680, 803 ஆகிய இரண்டும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டெஸ்க்ஜெட் 2132 பிரிண்டருக்கு 803 வேண்டும். டெஸ்க்ஜெட் இங்க் அட்வான்டேஜ் 2135 பிரிண்டருக்கு 680 வேண்டும். ஓர் எண் பிசகினால், கார்ட்ரிட்ஜ் உள்ளே சரியாகப் பொருந்தினாலும், பிரிண்டர் அதன் மின் அடையாளத்தைப் படித்துவிட்டு ஏற்க மறுத்துவிடும். பாக்கெட்டைப் பிரித்த கார்ட்ரிட்ஜைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நானும் ஒருமுறை தோற்றத்தை நம்பி வாங்கி, பணத்தை இழந்திருக்கிறேன்.

ஆகவே, கடைக்காரர் 680 என்று சொல்வதை வைத்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். மகளிடம் பிரிண்டரின் முன்புறத்தில் உள்ள மாடல் எண்ணை முழுமையாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் கார்ட்ரிட்ஜ் எண்ணே அச்சிடப்பட்டிருக்கலாம். அதையும் படம் எடுக்கட்டும்.

புதியதைப் பொருத்திய பின் பிழைச்செய்தி வந்தால், உடனே தவறான எண் என்று முடிவு செய்ய வேண்டாம். புள்ளிகளில் மையோ விரல் எண்ணெயோ படிந்திருந்தாலும் அப்படி வரலாம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நூல் உதிராத துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, புள்ளிகளை மட்டும் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். நுண்துளைத் தகட்டைத் தேய்க்கக் கூடாது. அதன் பிறகும் கணினித் திரையில் பொருந்தாத கார்ட்ரிட்ஜ் என்ற செய்தியே வந்தால், பெரும்பாலும் எண்தான் தவறு. எண் தவறென்றால் எவ்வளவு துடைத்தாலும் அது சரியாகாது.