பிடிக்காத சிலப்பதிகாரத்தைப் பற்றி என்ன பேச?

“பள்ளி இலக்கிய மன்றத்தில் ஐந்து நிமிடம் சிலப்பதிகாரம் பேசணும். எனக்கே பிடிக்காது, ஒரே வர்ணனை. என்ன சொல்லட்டும்?”

பிடிக்காது என்றே ஆரம்பியுங்கள், இந்திர விழவூரெடுத்த காதையின் நீண்ட பட்டியல்களில் தூக்கம் வராத மாணவர் குறைவு. ஆனால் கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும், நேரத்தையும் தின்றுவிடும்.

வழக்குரை காதையில் ஒரே ஒரு பதிலை எடுங்கள். பாண்டியன் கேட்பது எளிய கேள்வி: நீ யார்? கண்ணகி உடனே பெயரைச் சொல்வதில்லை. “தேரா மன்னா” என்று தொடங்கி, புறாவுக்காகத் தன்னையே தந்தவனையும் பசுவின் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, அவர்களுடைய புகார் என் ஊர் என்கிறாள். அப்புறம் மாசாத்துவான் மகன், சிலம்பு விற்க வந்து உன்னால் கொலையுண்ட கோவலன், கடைசியில்தான் “கண்ணகி என்பதென் பெயரே”. அதாவது அறிமுகம் முடியும்போதே வழக்கு முழுவதும் வைக்கப்பட்டுவிட்டது, எதிரே இருப்பவன் எந்த அரசர்களோடு ஒப்பிடப்படுகிறான் என்பது உட்பட. இதை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள், பெயர் வருவதற்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள்.

நேரம் இருந்தால் கொலைக்களக் காதைக்குத் திரும்புங்கள். அங்கே அரசன் ஆணையிடும் இடத்தில் இளங்கோ “சினையலர் வேம்பன் தேரானாகி” என்கிறார். விசாரிக்காதவன் என்ற அந்தக் குற்றச்சாட்டைக் கதைசொல்லி முன்பே பதிந்துவிட்டார், கண்ணகி அதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள், அவ்வளவுதான். பட்டியல்களைப் பற்றி யாராவது கேட்டால், அவை எனக்கும் அலுப்புத்தான் என்று சொல்லிவிடுங்கள்.