உடைந்த மயிலாப்பூரை ஒட்டுவது எப்படி?

“சென்னை பற்றிய என் வீடியோக்களுக்குத் தானாக வரும் தமிழ் சப்டைட்டிலில் ஊர்ப் பெயர்கள் உடைகின்றன. மொத்தமாகத் திருத்த முடியுமா?”

முடியும். .srt கோப்பாக இறக்கி, சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் தேடி மாற்றுங்கள். ஆனால் ‘மயில் ஆப்பூர்’ என்று தேடினால் ‘மயில் ஆப்பூரில்’, ‘மயில் ஆப்பூருக்கு’ எல்லாம் சிக்காது. உருபு சேர்ந்ததும் ‘ர்’ தன் புள்ளியை இழந்துவிடுகிறது. அதனால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘மயில் ஆப்பூர’ என்று தேடி, ‘மயிலாப்பூர’ என்று மாற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் புள்ளியோ உருபோ அப்படியே நிற்கும்.

‘தர மணி’யை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘பணம் தர மணி ஆறாகிவிட்டது’ என்பதும் தரமணியாகிவிடும் (நான் மாட்டியிருக்கிறேன்). ஆங்கிலச் சொற்களுக்குக் காதுதான் கதி. ‘பில்டர்’ என்று வந்தால் அது காபியா, வீடு கட்டுபவரா என்று கேட்ட பிறகே ‘ஃபில்டர்’ ஆக்குங்கள்.