மூன்று முகவரி, ஒரே இன்பொக்ஸ்: வராத மின்னஞ்சல்கள் எங்கே நின்றுவிடுகின்றன?

*கேள்வி: உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். விடுதியின் பெயரில் ஒரு டொமைன் முகவரி, ஒரு பழைய யாஹூ, ஒரு ஜிமெயில் என மூன்று இருக்கின்றன. எல்லாம் ஜிமெயிலுக்கு வரும்படி கடையொன்றில் ஃபோர்வர்ட் போட்டுத் தந்தார்கள். ஆனால் சில முன்பதிவுகள் வருவதேயில்லை. அலியாஸ் போட்டால் சரியாகுமா?*

சரியாகாது. அலியாஸ் என்பது ஒரே அஞ்சல் பெட்டிக்கு வைக்கும் இரண்டாவது பெயர். ஏற்கெனவே தனியாக இயங்கும் யாஹூ கணக்கை ஜிமெயிலின் அலியாஸாக மாற்ற வழியில்லை. புதிய முகவரிகளுக்குத்தான் அது உதவும். உதாரணமாக, உங்கள் டொமைனில் முன்பதிவுக்கென ஒன்றும் கணக்குவழக்குக்கென ஒன்றுமாக இரண்டு பெயர்களை வைத்து, இரண்டையும் ஒரே பெட்டியில் விழச் செய்யலாம்.

உங்கள் சிக்கல் ஃபோர்வர்டிங்கில் இருக்கிறது. விருந்தினர் ஒருவரின் நிறுவனம் விடுதி முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் பெறுவது உங்கள் டொமைனின் சேர்வர். அதுவே பிறகு ஜிமெயிலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. தங்கள் பெயரில் அனுப்ப எந்தெந்தச் சேர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று அந்த நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டுள்ள பட்டியலுக்கு SPF என்று பெயர். ஜிமெயில் அதைப் பார்க்கும்போது உங்கள் சேர்வர் அதில் இருக்காது, ஆகவே அந்தச் சோதனை தோற்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வங்கியின் கடிதத்தைக் கையில் கொண்டுவந்து நீட்டினால் நாமும் சந்தேகப்படுவோம் அல்லவா? அந்த மின்னஞ்சலில் DKIM எனும் மின்முத்திரை உடையாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். முத்திரையே இடாமல் அனுப்பும் நிறுவனங்களும் இன்னமும் இருக்கின்றன. அவர்களுடைய அலட்சியத்துக்கு நட்டப்படுவது நீங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆனால் அதே ஜிமெயிலில் இருந்து விடுதி முகவரிக்கு எழுதிப் பார்க்காதீர்கள். தான் அனுப்பிய மின்னஞ்சலே திரும்பி வந்தால் அதை ஜிமெயில் இன்பொக்ஸில் மறுபடி காட்டுவதில்லை என்பதால், நன்றாக வேலை செய்யும் ஃபோர்வர்டிங்கும் பழுதானதுபோலத் தோன்றும். நண்பர் ஒருவரின் கணக்கில் இருந்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, `Show original` என்பதைத் தெரிவு செய்தால் SPF, DKIM, அவ்விரண்டின் முடிவையும் அனுப்புநர் முகவரியோடு ஒப்பிடும் DMARC ஆகியவற்றின் எதிரே PASS அல்லது FAIL என்று தெரியும். இன்பொக்ஸில் வராவிட்டால் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

யாஹூவைப் பொறுத்தவரை, இலவசக் கணக்குகளுக்கான தானியங்கி ஃபோர்வர்டிங்கை அவர்கள் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதற்குக் காசு கேட்கிறார்கள். எனவே கடைக்காரர் யாஹூவுக்கும் போட்டதாகச் சொன்னால், எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லையும் மீட்புத் தொலைபேசி இலக்கத்தையும் தங்களுடையதாகவே வைத்துக்கொள்கிறார்கள்; பிறகு ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் நீங்கள் அவர்களிடம் போய் நிற்க வேண்டும். டொமைன் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபோர்வர்டிங் பட்டியலில் உங்களுடையதல்லாத முகவரி இருந்தால், விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதியும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஃபோர்வர்டிங்கைத் தொடர்வதானால், மூலப் பெட்டியிலும் ஒரு பிரதி தங்கும்படி வையுங்கள். வராதது எதுவோ அதை அங்கே தேடலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் விளக்கியே ஆக வேண்டும். மலிவான ஹோஸ்டிங்கில் பெட்டிக்கு ஒதுக்கப்படும் இடம் மிகக் குறைவாக இருப்பதுண்டு. அங்கே பிரதிகள் சேர்ந்து பெட்டி நிரம்பினால், உங்களுக்கு ஃபோர்வர்ட் போய்ச் சேர்ந்தாலும் அனுப்பியவருக்கு ‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்ற மறுப்பு திரும்பிப் போகலாம், அவரும் வேறு விடுதியைத் தேடிப் போவார். அப்படியான பெட்டியில் பிரதி வைப்பதானால் பழையவற்றை மாதாமாதம் அழியுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் பிரதியே வேண்டாம்.

பதில் எழுதும்போது இன்னொரு சங்கடம் இருக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டால் பதில் உங்கள் ஜிமெயில் முகவரியில் இருந்தே போகும். கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் `Send mail as` என்ற இடத்தில் விடுதி முகவரியை, டொமைனின் SMTP, அதாவது அஞ்சல் அனுப்பும் சேர்வரின் விவரங்களுடன் சேர்க்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியில் இதைச் சேர்க்க முடியாது.

என்னைக் கேட்டால், ஃபோர்வர்டிங்கை விட்டுவிட்டு, கைத்தொலைபேசியின் ஜிமெயில் செயலியில் யாஹூவையும், அஞ்சலைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் IMAP வழியாக விடுதி முகவரியையும் தனித்தனிக் கணக்குகளாகச் சேர்த்து, `All inboxes` என்ற பார்வையில் திறப்பேன். மின்னஞ்சல் இடம் மாறாததால் SPF சோதனைக்கே பாதிப்பில்லை. வந்த முகவரியில் இருந்தே பதிலும் போகும். இந்தப் பார்வை கணினியின் ஜிமெயிலில் கிடைக்காது. அங்கே வேண்டுமானால் தண்டர்பேர்ட் எனும் மின்னஞ்சல் மென்பொருளில் மூன்று கணக்குகளையும் சேருங்கள்.