எக்கோ ரிப்போர்ட்டில் 60 சதவீதம் என்றால் இதயம் பலவீனமா?

"அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டில் 'மைல்ட் மைட்ரல் ரிகர்ஜிடேஷன், எஜக்ஷன் ஃபிராக்ஷன் 60%, சைனஸ் ரிதம்' என்று இருக்கிறது. இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறதா? வால்வு கெட்டுவிட்டதா? டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது."

எக்கோ எடுப்பதுதான் என் வேலை. ரிப்போர்ட்டை வாங்கியதும் பலர் பதறுவது இந்த 60-ஐப் பார்த்துத்தான். நூற்றுக்கு எத்தனை மார்க் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குறைவாகத் தெரிகிறது. உண்மையில் அது நல்ல அளவு.

இதயத்தின் இடது கீழறை விரிந்து நிரம்பும்போது 100 மில்லி ரத்தம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கி முடித்த பிறகும் 40 மில்லி உள்ளேயே தங்கும். வெளியே போன பங்குதான் எஜக்ஷன் ஃபிராக்ஷன், அதாவது அந்த 60 சதவீதம். எந்த ஆரோக்கியமான இதயமும் அறையை முழுக்கக் காலி செய்வதில்லை. பொதுவாக 55 முதல் 70 வரை இயல்பு. 40-க்கு வந்துவிட்டால் சுருங்கும் திறன் தெளிவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று: அறையின் உட்சுவரைத் திரையில் கோடு போட்டு அளக்கிறோம். படம் மங்கலாக இருந்தால் கோடு சற்று நகரும். அடுத்த முறை 57 என்று வந்தால் இதயம் தளர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மைட்ரல் என்பது இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு. ரிகர்ஜிடேஷன் என்பது வால்வு மூடிய பின்னும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிவது. ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளரில் பார்த்தால், கீழறை சுருங்கும் நேரத்தில் மேலறைக்குள் ஒரு சிறு நீலக் கீற்று எட்டிப் பார்த்து மறையும். ஒரு தொந்தரவும் இல்லாத பலரிடமும் மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகளில் இந்த லேசான கசிவைப் பார்க்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் படிக்காமல், அதே ரிப்போர்ட்டில் வால்வின் இதழ்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இதழ்கள் இயல்பு, இடது மேலறை பெரிதாகவில்லை என்றிருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. இதழ் தடித்திருக்கிறது, பின்னோக்கிப் பிதுங்குகிறது, ருமாட்டிக் பாதிப்பு என்று ஏதாவது இருந்தால், கசிவு லேசாக இருந்தாலும் டாக்டர் தொடர்ந்து கவனிக்க விரும்புவார்.

சைனஸ் ரிதம் என்பதற்கும் மூக்கு சைனஸுக்கும் தொடர்பே இல்லை. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவிலிருந்துதான் துடிப்பு கிளம்புகிறது, அதாவது இயல்பான இடத்திலிருந்து, என்று அர்த்தம். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் அறை நிரம்பும் அளவு மாறும், ஒன்றை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. அம்மாவின் 60-ஐ நம்பலாம் என்பதற்கு இந்த வரியும் துணை நிற்கிறது.

ஆனால் ஓய்வில் படுக்கவைத்து எடுக்கும் எக்கோ, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இல்லை என்று உறுதி சொல்லாது. அடைப்பு இருப்பவருக்கும் 60 வரலாம். எதற்காக எக்கோ எடுக்கச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலியோ, நெஞ்சில் அழுத்தமோ, மூச்சுத் திணறலோ இருந்தால் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று நான்கு நாள் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.