பிழைத்த ஒரு கணக்கும் கீழே வைத்த பேனையும்

வணக்கம் அண்ணா,

நாங்கள் கொக்குவில். தம்பி ஓ.எல். கணிதத்தில் இரண்டு தரம் டபிள்யூ. இப்போது மூன்றாம் தரத்துக்குப் படிக்கிறான். மனம் உடையக்கூடாது என்று நான் லேசான கணக்குகளாகப் பார்த்துக் கொடுக்கிறேன், எல்லாம் செய்கிறான். ரியூசனில் பரீட்சை வைத்தால் ஒரு கணக்குப் பிழைத்ததும் பேனையை வைத்துவிடுகிறான். வீட்டில் செய்த அதே கணக்கையும் தொடுவதில்லை. "எனக்கு மண்டையில கணக்கு ஏறாது, விடு" என்கிறான். இது சோம்பலா, மனச்சோர்வா?

ஓர் அக்கா

அன்புள்ள தங்கைக்கு,

சோம்பல் இல்லை. சோம்பேறிக்கு லேசான கணக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். உங்கள் தம்பிக்கு நடப்பதை உளவியலில் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று சொல்லலாம். கையறுநிலை நம் புறத்திணையில் இறந்தவனை எண்ணிப் புலம்பும் துறை. செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற அந்த உணர்வு இங்கும் பொருந்துகிறது.

1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (இன்றைக்கு அனுமதி கிடைக்காது). ஒரு கூட்டத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள்; தலையால் ஒரு பலகையை அழுத்தினால் நின்றுவிடும். இரண்டாம் கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. அடுத்த நாள், சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதற் கூட்டம் தாண்டியது. இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக் கிடந்து வாங்கிக்கொண்டன. வலி இரண்டுக்கும் ஒன்றுதான். தன் செயலால் ஏதாவது மாறியதா என்பதில்தான் வேறுபாடு.

இனித் தம்பியின் பெறுபேற்றுத் தாளைப் பாருங்கள். 35 புள்ளிக்குக் கீழே எதுவானாலும் டபிள்யூ. முதற் தரம் 14 எடுத்து, ஒரு வருடம் படித்து, அடுத்த தரம் 31 எடுத்திருந்தாலும் தாளில் வருவது அதே எழுத்து. படித்தாலும் ஒன்று, படிக்காவிட்டாலும் ஒன்று என்று அவன் முடிவுகட்டியதில் வியப்பில்லை. அதனால் கடந்த கால வினாத்தாள் ஒன்றைச் செய்யவிட்டு, எழுத்தை விட்டுவிட்டு உண்மையான புள்ளியைக் கலண்டரில் எழுதிவையுங்கள். 22 எடுத்தவன் 27 எடுத்தால் அது அவன் கண்ணில் படவேண்டும்.

லேசான கணக்குகள் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படமாட்டேன். 1975இல் கரோல் டுவெக் இப்படி எளிதில் கைவிடும் 12 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேருக்கு வெற்றி மட்டுமே கிடைக்கும்படி கணக்குக் கொடுத்தார். மற்றவர்களுக்கு இடையிடையே தோல்வியும் வரும். வந்ததும், அது முயற்சி போதாததால் வந்தது என்று விளங்கப்படுத்தினார். 25 அமர்வுகளுக்குப் பிறகு, வெற்றி மட்டும் கண்ட பிள்ளைகள் ஒரு தோல்வி வந்ததும் பழையபடி சரிந்தார்கள். மற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். வீட்டில் எல்லாம் சரியாகச் செய்து ரியூசனில் ஒரு பிழையோடு நின்றுவிடும் உங்கள் தம்பி முதற் கூட்டத்துப் பிள்ளை.

ஆகவே பத்துக் கணக்குக் கொடுத்தால் இரண்டு பிழைக்கக்கூடியதாக இருக்கட்டும், நடுவிலே வரட்டும். 3(x − 2) = 15 என்பதை அவன் 3x − 2 = 15 என்று எழுதினால் "பரவாயில்லை" என்று கடந்துபோகாதீர்கள். "அடைப்பை எடுக்கும்போது 2ஐயும் 3ஆல் பெருக்கவில்லை, இந்த ஒரு வரிதான்" என்று காட்டுங்கள். 3x − 6 = 15, x = 7 என்று அவனே முடிக்கட்டும். உடனே 4(x − 3) = 8 கொடுங்கள். "இன்னும் முயற்சி செய்" என்பதை மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே பாடுபட்டவன் காதில் அது 'நீ மொக்கு' என்றுதான் விழும். முயற்சியை விட, பிழைத்த வழியைப் பற்றிப் பேசுவது நல்லது.

சரி, மனச்சோர்வா என்று கேட்டீர்கள். 1978இல் செலிக்மனும் சகாக்களும் தங்கள் கொள்கையைத் திருத்தினார்கள்: தோல்விக்குக் காரணம் நான்தான், அது மாறாது, எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று மூன்றும் சேரும்போது மனச்சோர்வுக்கு வழி திறக்கிறது. "மண்டையில கணக்கு ஏறாது" என்பதில் முதல் இரண்டும் இருக்கின்றன. "எனக்கு ஒன்றுமே சரிவராது" என்று அவன் சொல்லத் தொடங்கினானா என்று பாருங்கள். கணிதத்தை விட்டவன் பின்னேரம் கிரிக்கெட்டுக்கு ஓடுகிறான் என்றால் நான் பெரிதாகப் பயப்படமாட்டேன். கிரிக்கெட்டையும் விட்டு, நித்திரையும் சாப்பாடும் குழம்பி, இரண்டு கிழமையாகப் பெரும்பாலான நாட்கள் அப்படியே இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சிலருக்குச் சோர்வு முதலில் வந்து படிப்பு அதன் பின்னால் விழும். அங்கே என் பத்துக் கணக்கு வேலை செய்யாது.

இருந்து என்ன பயன் என்பது போல அவன் ஏதாவது சொன்னால் இரண்டு கிழமை பார்க்காதீர்கள். அன்றைக்கே கூட்டிப்போங்கள். இரவானால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.